பேரீச்சையின் சர்க்கரைக் கணக்கு

நூறு கிராம் பேரீச்சம்பழத்தில் 63 முதல் 66 கிராம் வரை சர்க்கரைதான். தண்ணீர் 20 கிராம் இருக்கும், நார்ச்சத்து ஏழெட்டு கிராம், மற்றவையெல்லாம் சொற்பம். எடைக் கணக்கில் பார்த்தால் எத்தனையோ மிட்டாய்களுக்குக் குறையாத இனிப்பு. ஆனால் இதே பழத்தைச் சாப்பிட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது கிடைத்த கிளைசெமிக் குறியீடு 50க்குப் பக்கத்தில் நிற்கிறது. வெள்ளை அரிசிச் சோற்றின் குறியீடு பெரும்பாலான சோதனைகளில் இதைவிடக் கூடுதல். இந்த முரணுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், பேரீச்சையில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் நிறைய இருப்பதால் அவை சர்க்கரையைக் கட்டுப்படுத்துகின்றன என்பது. பொட்டலங்களின் மேலும் உணவுக் குறிப்புகளிலும் இது திரும்பத் திரும்ப வருகிறது. எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் இந்த விளக்கம் பெரும்பகுதி தவறு. குறியீடு மிதமாக இருப்பதற்கு முதற்காரணம் பேரீச்சையின் சர்க்கரையே, அதாவது அந்தச் சர்க்கரையில் பாதி ஃபிரக்டோஸ் என்பது. நார்ச்சத்துக்கு ஒரு பங்கு உண்டு, ஆனால் அது சிறியது; அது வேலை செய்யும் இடமும் வேறு. பொட்டாசியத்துக்கு இந்தக் குறியீட்டில் பங்கே இல்லை. அதன் முக்கியத்துவம் இரத்த அழுத்தத்திலும் சிறுநீரகத்திலும் இருக்கிறது. காரணத்தைத் தவறாகப் பிடித்தவர்கள் அளவையும் தவறாகப் பிடிக்கிறார்கள் என்பதால், இந்தப் பிரிப்பைப் பொறுமையாகச் செய்துபார்ப்பது அவசியம்.

கிளைசெமிக் குறியீடு என்பது டொராண்டோ பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜென்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1981இல் முன்வைத்த அளவுகோல். இரவு முழுதும் பட்டினி இருந்த ஒருவருக்குக் காலையில் 50 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம்வரை குறிப்பிட்ட இடைவெளிகளில் விரல்நுனி இரத்தத்தில் குளுக்கோஸ் அளவைப் பார்ப்பார்கள். அந்த அளவுகளை வரைபடமாக இட்டால் ஏறி இறங்கும் ஒரு கோடு கிடைக்கும். பட்டினி நிலைக்கு மேலே அந்தக் கோட்டுக்கு அடியில் அடங்கும் பரப்புக்கு 100 என்று மதிப்பு வைக்கிறார்கள். வேறொரு நாளில் அதே ஆளுக்கு, செரித்து உட்கிரகிக்கக்கூடிய மாவுப்பொருள் 50 கிராம் இருக்கும் அளவுக்குச் சோதனை உணவைக் கொடுத்து, அதன் பரப்பு முதல் பரப்பில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். கிடைக்கும் எண் 55 அல்லது அதற்குக் கீழே என்றால் குறைவு. 56 முதல் 69 வரை மிதம். 70 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம். இதில் இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சோதனையில் கருவி பார்ப்பது குளுக்கோஸை மட்டுமே. இரத்தத்தில் வேறு எந்தச் சர்க்கரை இருந்தாலும் அது கணக்கில் வராது. மற்றொன்று, இது ஒரு விகிதம். ஒருவரின் இரத்தச் சர்க்கரை எத்தனை புள்ளி ஏறும் என்பதை அது சொல்வதில்லை.

பேரீச்சை மீது நடந்த சோதனைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்படுவது, ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்டது. அங்கே அன்றாடம் உண்ணப்படும் ஃபர்து, லூலூ, பூமான், தப்பாஸ், கலாஸ் என்ற ஐந்து வகைகளை எடுத்துக்கொண்டார்கள். நலமாக இருந்த 13 பேரும், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 10 பேரும் பங்கேற்றார்கள். ஒவ்வொருவரும் எட்டுத் தனித்தனி நாட்களில் வர வேண்டியிருந்தது. மூன்று நாள் குளுக்கோஸ், ஐந்து நாள் ஒவ்வொரு வகைப் பழமாக. நலமானவர்களிடம் கிடைத்த குறியீடுகள் 46க்கும் 55க்கும் இடையில் இருந்தன. மிகக் குறைவு பூமான், மிக அதிகம் கலாஸ். நீரிழிவு உள்ளவர்களிடம் 44 முதல் 53 வரை. வகைகளுக்கு இடையே தெரிந்த வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. நலமானவர்களின் ஐந்து எண்களையும் கூட்டிச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 52. குறைவு, மிதம் என்ற இரண்டு வகுப்புகளின் எல்லைக்கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கும் எண் இது. ஆய்வாளர்கள் இதைக் குறைந்த குறியீடு என்றே சொன்னார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் நாலு முதல் ஒன்பது வரை பிழை எல்லை இருந்ததைப் பார்க்கும்போது, மிதம் என்று எடுத்துக்கொள்வதே நிதானமான வாசிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பழத்துக்குள் இருக்கும் சர்க்கரையைப் பார்ப்போம். காயாக இருக்கும்போது பேரீச்சையில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கு சுக்ரோஸ், அதாவது நாம் கடையில் வாங்கும் சர்க்கரையின் அதே மூலக்கூறு. பழம் கனியும்போது இன்வர்ட்டேஸ் என்ற நொதி அந்தச் சுக்ரோஸை உடைக்கிறது. உடைந்த ஒவ்வொரு மூலக்கூறிலிருந்தும் ஒரு குளுக்கோஸும் ஒரு ஃபிரக்டோஸும் வெளிவருகின்றன. மெஜூல் போன்ற மென்மையான வகைகளில் இந்த வேலை ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியல்படி 100 கிராம் மெஜூலில் குளுக்கோஸ் சுமார் 34 கிராம், ஃபிரக்டோஸ் 32 கிராம். சுக்ரோஸ் அரை கிராம்தான். அல்ஜீரியாவிலும் துனிசியாவிலும் விளையும், சற்றே உலர்ந்த டெக்லெட் நூர் வகையில் நொதியின் வேலை பாதியில் நின்றுவிடுகிறது. அதில் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் தலா 20 கிராம் அளவில் இருக்க, சுக்ரோஸ் 24 கிராம்வரை உடையாமல் தங்குகிறது. ஆனால் அந்தச் சுக்ரோஸும் நம் சிறுகுடலில் பாதிக்குப் பாதியாக உடையப்போவதுதான். ஆக எந்த வகையை எடுத்தாலும், இரத்தத்துக்குப் போய்ச் சேரும் சர்க்கரையில் கிட்டத்தட்டப் பாதி ஃபிரக்டோஸ்.

ஃபிரக்டோஸைத் தனியாகக் கொடுத்துச் சோதித்தால் அதன் குறியீடு 15 முதல் 20 அளவில்தான் வருகிறது. குடலிலிருந்து உட்கிரகிக்கப்பட்டதும் அது நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு பகுதி மெதுவாகக் குளுக்கோஸாக மாறுகிறது, ஒரு பகுதி கிளைகோஜனாகச் சேமிக்கப்படுகிறது, ஒரு பகுதி லாக்டேட்டாக வெளியேறுகிறது, மிஞ்சியது கொழுப்பாகலாம். உடலெங்கும் சுற்றிவரும் இரத்தத்தில் அது குளுக்கோஸாகத் தெரிவது சிறுபங்குதான். இனிக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மெஜூலின் குளுக்கோஸுக்கு 100, ஃபிரக்டோஸுக்கு 15 என்று வைத்து அவற்றின் விகிதப்படி சராசரி எடுத்தால் 58 அல்லது 59 வரும். டெக்லெட் நூரில் சுக்ரோஸுக்கு அதன் வழக்கமான குறியீடான 65ஐ வைத்துக் கணக்கிட்டால் 60 வரும். நார்ச்சத்து ஒரு துளியும் இல்லை, பொட்டாசியம் இல்லை, வேறெந்தச் சத்தும் இல்லை, வெறும் சர்க்கரைக் கலவை மட்டுமே என்று வைத்துக்கொண்டாலும் குறியீடு 60ஐத் தாண்டாது. குளுக்கோஸின் 100இலிருந்து பேரீச்சையின் 52க்கு இறங்கும் 48 புள்ளிகளில் 40 புள்ளிகளைச் சர்க்கரையின் வகையே இறக்கிவிடுகிறது. மிச்சமிருக்கும் எட்டுப் புள்ளியைத்தான் நார்ச்சத்தும் மற்றவையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அந்த எட்டோ, மேலே சொன்ன பிழை எல்லைக்குள்ளேயே அடங்கிவிடக்கூடிய அளவு.

நாக்கு ஏன் நம்மைத் தவறாக வழிநடத்துகிறது என்பதும் இங்கே விளங்கிவிடுகிறது. சுக்ரோஸின் இனிப்பை ஒன்று என்று வைத்தால் குளுக்கோஸின் இனிப்பு முக்கால் பங்குக்கும் குறைவு; ஃபிரக்டோஸின் இனிப்பு ஒன்றைத் தாண்டும். அதாவது பேரீச்சையை நாவில் தித்திக்கச் செய்வதில் பெரும்பங்கு எதற்கோ, அதுதான் இரத்தக் குளுக்கோஸை மிகக் குறைவாக ஏற்றுகிறது. சோற்றில் நிலைமை நேர் எதிர். அரிசி மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த சங்கிலி. அந்தச் சங்கிலி நாவின் சுவை உணரிகளுக்குப் பிடிபடாத அளவுக்குப் பெரியது, ஆகவே சோறு இனிப்பதில்லை. குடலில் அது உடையும்போது வெளிவருவது முழுக்க முழுக்கக் குளுக்கோஸ். நன்றாகக் குழைந்த சோற்றில் அந்த உடைப்பு வேகமாகவே நடந்துவிடுகிறது. இனிப்பை அஞ்சிப் பேரீச்சையை ஒதுக்கிவிட்டு, இனிக்காத சோற்றை இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும் நீரிழிவுக்காரர் நாவின் சாட்சியத்தை இரத்தத்தின் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்.

இதற்கு எதிராகச் சொல்லப்படக்கூடிய முதல் வாதம் சோதனை எண்களிலிருந்தே வருகிறது. 2002இல் வெளியான உலகளாவிய கிளைசெமிக் குறியீட்டுப் பட்டியலில் உலர்ந்த பேரீச்சையின் குறியீடு 103 என்று இருந்தது. பல ஆண்டுகள் மருத்துவர்களும் உணவு ஆலோசகர்களும் இந்தப் பழத்தைத் தடை செய்ததற்கு அந்த ஒற்றை எண்ணும் ஒரு காரணம். அதே 2002இல் அமீரகத்திலிருந்து வெளியான ஒரு சிறிய ஆய்வு பூமான் வகைக்கு 30.5 என்றும் கலாஸுக்கு 35.5 என்றும் சொன்னது. 2011இல் அதே பூமான் 46 ஆகிவிட்டது. 30 முதல் 103 வரை விரியும் எண்களை நம்பி என்ன சொல்ல முடியும் என்று கேட்பது நியாயமான கேள்விதான். இங்கே சர்க்கரைக் கணக்கு உதவுகிறது. பாதி ஃபிரக்டோஸாக இருக்கும் ஒரு பொருள், தூய குளுக்கோஸைவிட அதிகமாக இரத்தக் குளுக்கோஸை ஏற்றுவதற்கு உடலியலில் வழியில்லை. அந்த 103க்குப் பக்கத்தில் 21 என்று பிழை எல்லையும் அச்சிடப்பட்டிருந்தது. சிலரிடம் மட்டும் நடந்த சோதனையில் ஓரிருவரின் அதீத எதிர்வினை சராசரியைத் தூக்கிவிட முடியும். பளபளப்புக்காகக் குளுக்கோஸ் பாகு பூசிய பழமாக இருந்தாலும் எண் ஏறும். காரணம் எதுவாயினும், பழத்தின் சொந்தச் சர்க்கரைக்கு அந்த எண் பொருந்தாது. 30ஐ ஒட்டிய எண்ணும் எனக்கு நம்பத்தக்கதாகப் படவில்லை. சர்க்கரைக் கலவை தரும் 60ஐப் பாதியாகக் குறைக்கும் வலிமை இந்தப் பழத்தின் நார்ச்சத்துக்கு இருப்பதாகச் சொல்ல ஆதாரம் போதாது. உட்கூறுகளை வைத்துப் போட்ட கணக்கும், எட்டு நாள் எடுத்துச் செய்த சோதனையும் அருகருகே வந்து நிற்கும் இடம் 50க்கும் 60க்கும் இடைப்பட்டதுதான்.

அப்படியானால் நார்ச்சத்தின் வேலை என்ன? நார்ச்சத்து என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அதில் இரண்டு இனங்கள் இருக்கின்றன. ஓட்ஸிலும் வெந்தயத்திலும் இசப்கோலிலும் இருப்பது நீரில் கரைந்து கூழாகும் இனம். அது குடலில் உணவைப் பிசுபிசுப்பாக்கி, குளுக்கோஸ் குடற்சுவரை அடைவதைத் தாமதப்படுத்துகிறது. இரத்தச் சர்க்கரையைத் தணிப்பதாக நிறுவப்பட்டிருப்பது பெரும்பாலும் இதுதான். பேரீச்சையின் நார்ச்சத்தில் பெரும்பகுதி செல்லுலோஸ், லிக்னின் போன்ற கரையாத இனம்; கரையும் பெக்டின் சிறுபங்கு. அதிலும் பழம் கனியும்போது நொதிகள் பெக்டினை அரித்துவிடுவதால்தான் பழம் மெத்தென்று ஆகிறது. துவர்ப்பு தரும் பாலிஃபீனால்களைக் காரணம் காட்டுவோரும் உண்டு. மாவுச்சத்தையும் சுக்ரோஸையும் உடைக்கும் குடல் நொதிகளை அவை சோதனைக் குழாயில் தடுப்பது உண்மை. ஆனால் கனிந்த மெஜூலில் உடைக்கப்பட வேண்டிய சர்க்கரையே ஏறக்குறைய இல்லை. எல்லாம் ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. நொதியைத் தடுத்து அங்கே என்ன ஆதாயம்?

நார்ச்சத்தின் உண்மையான வேலையை விளங்கிக்கொள்ள, பேரீச்சையை விட்டு ஆப்பிளுக்குச் சற்றே போய்வர வேண்டும். 1977இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வில் பத்துப் பேருக்கு ஆப்பிளை மூன்று வடிவத்தில் கொடுத்தார்கள்: முழுப் பழமாக, மசித்த கூழாக, நார் நீக்கிய சாறாக. மூன்றிலும் மாவுப்பொருளின் அளவு ஒன்றே. இரத்தக் குளுக்கோஸ் ஏறிய உயரம் மூன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு. நார்ச்சத்து அதைக் குறைக்கவில்லை. வேறுபாடு மற்ற இடங்களில் தெரிந்தது. சாற்றை அவர்கள் குடித்து முடித்த வேகம் பழத்தைத் தின்ற வேகத்தைப் போலப் பதினொரு மடங்கு. சாறு குடித்தவர்களுக்குப் பசி குறைவாகவே அடங்கியது, இன்சுலின் அதிகமாகச் சுரந்தது, அதன் பின்விளைவாகக் குளுக்கோஸ் பட்டினி நிலைக்கும் கீழே சரிந்தது. முழுப் பழம் தின்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. இதைப் பேரீச்சைக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், நார் எங்கே வேலை செய்கிறது என்பதை இது காட்டிவிடுகிறது. ஒருவர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு அளவு தின்கிறார் என்பதை அது தீர்மானிக்கிறது. சர்க்கரையைச் செல் சுவர்களுக்குள் வைத்திருப்பதால் மென்று விழுங்க நேரம் பிடிக்கிறது, வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. மிச்சமுள்ள நார் பெருங்குடலுக்குப் போய் மலத்துக்குப் பருமன் தருகிறது, அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. நான்கு மெஜூல் தின்றவர் ஐந்தாவதை எடுக்கத் தயங்குவார். நான்கு பழத்தின் சர்க்கரை உள்ள பேரீச்சைப் பாகை ரொட்டியில் ஊற்றினால் ஒருவருக்கும் அந்தத் தயக்கம் வராது. பாகில் ஃபிரக்டோஸ் விகிதம் மாறுவதில்லை, ஆகவே குறியீட்டில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். நார் போனதால் போனது அளவுக்கு இருந்த தடுப்பு.

இரண்டாம் எதிர்வாதம் கனமானது. குறியீடு குறைந்ததற்குக் காரணம் ஃபிரக்டோஸ் என்றால் அதைப் பாராட்ட என்ன இருக்கிறது, கல்லீரலில் கொழுப்பு சேர்வதற்கு ஃபிரக்டோஸைத்தானே குற்றம் சொல்கிறார்கள்? கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு இதற்குப் பெரிய ஆதாரம். உடல் எடை கூடிய சிலருக்குப் பத்து வாரங்கள், தினசரி கலோரியில் கால் பங்கை ஃபிரக்டோஸ் பானமாகக் கொடுத்தார்கள். வேறு சிலருக்குக் குளுக்கோஸ் பானம். ஃபிரக்டோஸ் குடித்தவர்களுக்கு வயிற்று உள்கொழுப்பு கூடியது, இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை குறைந்தது. குறியீட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொன்னால் ஃபிரக்டோஸ் பானம் நல்லது என்று முடித்திருப்போம். குறியீட்டின் குறை இதில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. இந்த ஆட்சேபத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் அதிலுள்ள அளவைப் பார்க்க வேண்டும். 2,000 கலோரி உண்பவருக்கு அதில் கால் பங்கு என்றால் நாளொன்றுக்கு 125 கிராம் ஃபிரக்டோஸ். கொட்டை நீக்கிய ஒரு மெஜூலின் எடை 24 கிராம் என்று கொண்டால் அதில் ஏழரை கிராமுக்குச் சற்று மேல் ஃபிரக்டோஸ் இருக்கும். 125 கிராமை எட்ட ஒருவர் தினமும் 16 மெஜூல் தின்ன வேண்டும். ஏழரை கிராம் அளவில் ஃபிரக்டோஸின் குணமே வேறு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2000இல் வெளியிட்ட சோதனையில், 75 கிராம் குளுக்கோஸுடன் வெறும் ஏழரை கிராம் ஃபிரக்டோஸ் சேர்த்துக் கொடுத்தபோது, நலமானவர்களில் பெரும்பாலோருக்கு இரத்தக் குளுக்கோஸ் ஏற்றம் குறைந்தது. கல்லீரலில் குளுக்கோஸைப் பிடித்துவைக்கும் குளுக்கோகைனேஸ் நொதியைச் சிறிதளவு ஃபிரக்டோஸ் தட்டி எழுப்புகிறது என்பது அதற்கான விளக்கம். அளவு கூடினால் அந்த உதவி கல்லீரலுக்குச் சுமையாக மாறிவிடும்.

அளவு என்று வரும்போது குறியீடு கைவிட்டுவிடுகிறது. அதை ஈடுகட்டத்தான் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 1997இல் கிளைசெமிக் சுமை என்ற கணக்கைக் கொண்டுவந்தார்கள். உண்ணும் அளவில் உள்ள மாவுப்பொருளைக் குறியீட்டால் பெருக்கி நூறால் வகுத்தால் அது கிடைக்கும். பத்துக்குள் இருந்தால் குறைவு, 20ஐத் தொட்டால் அதிகம். ஒரு மெஜூலில் உட்கிரகிக்கக்கூடிய மாவுப்பொருள் ஏறத்தாழ 16 கிராம். குறியீட்டை 52 என்று வைத்தால் சுமை எட்டரை, அது குறைவுதான். இரண்டு பழத்துக்கு 17, மிதம். மூன்று தின்றால் 25ஐ ஒட்டி வரும். அது அதிகம் என்ற வகுப்பு. மிதக் குறியீடு உள்ள இதே பழம் மூன்றாவது பழத்தில் அதிகச் சுமை ஆகிவிடுகிறது. ஒரு பழம் ஏழெட்டு கிராமே இருக்கும் டெக்லெட் நூரில் அதே 25ஐ எட்ட ஒன்பது பழமாவது வேண்டும். ஆகவே நாளைக்கு இத்தனை பழம் என்று எண்ணிக்கையில் சொல்லப்படும் ஆலோசனை, எந்த வகை என்று சொல்லாதவரை பொருளற்றது. எடையில் சொல்வதே சரி.

நீரிழிவு உள்ளவர்கள் இதில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அல் ஐன் ஆய்வில் அவர்களுக்கும் குறியீடு 50 அளவில்தான் வந்தது என்பதைக் கொண்டு, நலமானவருக்கும் நீரிழிவுக்காரருக்கும் பேரீச்சை ஒன்றுபோலச் சர்க்கரையை ஏற்றும் என்று சிலர் எழுதுகிறார்கள். குறியீடு விகிதம் என்பதை மறந்ததால் வரும் பிழை இது. நீரிழிவு உள்ளவருக்கு 50 கிராம் குளுக்கோஸ் தரும் ஏற்றமே மிகப் பெரிது. அந்தப் பெரிய பரப்பில் பாதி என்பதும் பெரிதாகத்தான் இருக்கும். அதோடு அந்தப் பத்துப் பேரின் ஹெச்பிஏ1சி சராசரி 6.6 சதவீதம், அதாவது சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள். 9 சதவீதத்தில் இருப்பவருக்கு அந்த முடிவை நீட்டிச் சொல்ல முடியாது. நீண்டகால விளைவுக்கு பஹ்ரைனில் நடந்து 2022இல் வெளியான சோதனை ஓரளவு வெளிச்சம் தருகிறது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிந்து, 12 வாரங்கள் தினமும் 60 கிராம் பேரீச்சையோ 60 கிராம் உலர்திராட்சையோ, இரண்டு வேளையாகப் பிரித்து உண்டார்கள். ஹெச்பிஏ1சியில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் வரவில்லை. பேரீச்சை சர்க்கரையைக் குறைத்தது என்று இதைப் படிக்கக் கூடாது. ஒப்பீட்டுக்கு வைத்ததும் இனிப்புப் பழம், காலமும் மூன்றே மாதம். அளவாக, பிரித்து உண்டபோது கேடு தெரியவில்லை என்பது மட்டுமே இதிலிருந்து கிடைக்கும் செய்தி. தன் உடலுக்கு எது பொருந்தும் என்று அறிய விரும்புபவர், வீட்டுக் கருவியில் முதலில் ஒரு முறை பார்த்துவிட்டு, எடை போட்ட 30 கிராம் பழத்தை மட்டும் உண்டு, ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மறுபடி பார்க்கலாம். சோறு சாப்பிட்ட கையோடு பழத்தையும் உண்டுவிட்டுப் பார்த்தால் எது ஏற்றியது என்று பிரித்தறிய முடியாது.

கடைசியாகப் பொட்டாசியம். 100 கிராம் பேரீச்சையில் 650 முதல் 700 மில்லிகிராம் இருக்கிறது. சோடியம் இரண்டு மில்லிகிராமுக்கு மேல் இல்லை. வாழைப்பழத்தின் 358 மில்லிகிராமோடு ஒப்பிட்டு, அதைவிட இரு மடங்கு என்று விளம்பரம் செய்கிறார்கள். வாழைப்பழத்தில் முக்கால் பங்கு தண்ணீர், பேரீச்சையில் ஐந்தில் ஒரு பங்கே தண்ணீர் என்பது அந்த ஒப்பீட்டில் மறைந்துவிடுகிறது. கலோரிக் கணக்கில் பார்த்தால் வாழைப்பழம் ஒரு கலோரிக்கு நான்கு மில்லிகிராம் தருகிறது, பேரீச்சை ஏறக்குறைய இரண்டரைதான். பொட்டாசியத்துக்காக மட்டும் ஒருவர் பேரீச்சையைத் தேட வேண்டியதில்லை. ஆனால் இனிப்புக்குப் பதிலாக அதை உண்பவருக்கு அது உண்மையான லாபம், ஏனென்றால் வெள்ளைச் சர்க்கரையில் பொட்டாசியம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். நாளொன்றுக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உணவில் பொட்டாசியம் கூடும்போது சிறுநீரகக் குழாய்கள் சோடியத்தைத் திரும்ப இழுத்துக்கொள்வது குறைந்து, உப்பு சிறுநீரில் வெளியேறுகிறது; இரத்த அழுத்தம் தணிகிறது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் வழக்கமாக உள்ள சாப்பாட்டுக்காரர்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை. சர்க்கரையோடு பொட்டாசியத்துக்கு உள்ள தொடர்பு வேறு திசையில் ஓடுகிறது: இன்சுலின்தான் பொட்டாசியத்தை உயிரணுக்களுக்குள் தள்ளுகிறது. உடலில் பொட்டாசியம் நீண்டநாள் குறைந்துகிடந்தால் இன்சுலின் சுரப்பு மந்தமாகும் என்பது தெரிந்ததுதான். சில சிறுநீர்ப்பெருக்கி மாத்திரைகள் எடுப்பவர்களிடம் அதைக் காணலாம். ஆனால் குறியீட்டுச் சோதனையின் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு பிடிப் பழத்தின் பொட்டாசியம் குளுக்கோஸ் கோட்டை அசைக்கும் என்பதற்கு வழியில்லை.

இந்த இடத்தில்தான் தவறான விளக்கம் ஆபத்தாக மாறுகிறது. பொட்டாசியம் சர்க்கரைக்கு நல்லது என்று நம்பிப் பேரீச்சையைக் கூட்டிக்கொள்பவர்களில் பலர் பல ஆண்டு நீரிழிவுக்காரர்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். இரத்த அழுத்தத்துக்கு அவர்கள் எடுக்கும் டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற மருந்துகள் பொட்டாசியம் வெளியேறுவதைக் குறைப்பவை. மூன்று மெஜூலில் 500 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. நலமான சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்றிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் முடியாது. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அது ஆறைத் தாண்டும்போதுகூடப் பலருக்கு முன்னறிகுறி எதுவும் தெரிவதில்லை, நேராக இதயத் துடிப்பே தடுமாறலாம். ஆகவே பேரீச்சை தின்னலாமா என்று கேட்கும் நீரிழிவுக்காரர் சர்க்கரை அறிக்கையோடு கிரியாட்டினின், பொட்டாசியம் அறிக்கைகளையும் மருத்துவரிடம் காட்டிக் கேட்க வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்து, சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தால், அன்றைய சோற்றிலோ வேறு இனிப்பிலோ அதற்கு ஈடாகக் குறைத்துக்கொண்டு 30 முதல் 50 கிராம் வரை முழுப் பழமாக மென்று உண்ணலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் மருத்துவர் அனுமதிக்காமல் இதைத் தொட வேண்டாம்.